மூன்றாம் மாதத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பெண் குழந்தை பிறந்து நான்கு வாரம் ஆகிறது. கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாதம் பொள்ளாச்சிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போகணும். அதுதான் கஷ்டமான மாதம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அப்போது எனக்கு வந்து சேரும்படி நானே ஒரு மின்னஞ்சல் எழுதி வைக்கப் போகிறேன். என்ன எழுதலாம்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

"நீ தைரியசாலி, எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். தூக்கம் கெட்டுக் கிடப்பவளுக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். பாலைப் பற்றி எழுதுங்கள்.

இப்போது உங்களுக்கு மார்பு கட்டிக்கொள்ளும், பால் ஒழுகித் துணி நனையும். ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் நடுவில் பலருக்கு இது நின்று மார்பு மெத்தென்று ஆகிவிடுகிறது. குழந்தை குடிக்கும் அளவுக்கே பால் ஊறத் தொடங்குவதுதான் காரணம். அதே சமயம் அவளும் வேகமாகக் குடிக்கப் பழகியிருப்பாள். அரை மணி நேரம் குடித்தவள் பத்தே நிமிஷத்தில் வாயை எடுத்துவிட்டு மின்விசிறியைப் பார்ப்பாள். சாயங்காலம் சிணுங்கவும் செய்வாள். "பால் பத்தல கண்ணு" என்பார் மாமியார், நல்ல எண்ணத்தோடுதான். பவுடர் டப்பா வீட்டுக்கு வரும். டப்பாப் பால் குடித்த வேளைக்கு அவள் மார்பில் சப்ப மாட்டாள். சப்பாததால் சுரப்பு நிஜமாகவே குறையும், மாமியார் சொன்னது பலித்துவிடும்!

ஆகவே கடிதத்தில் இரண்டு கேள்விகள் போதும். ஒரு நாளில் ஆறு தடவையாவது துணி நனைகிறதா? எடை ஏறுகிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மார்பு மெத்தென்று இருந்தாலும் பால் போதும். நனைவது குறைந்தாலோ எடை நின்றாலோ டாக்டரிடம் போகணும். பிறந்த எடையையும் இன்றைய எடையையும் கடிதத்திலேயே எழுதி வையுங்கள். 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை பார்த்து ஒப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறும், பிறகு வேகம் குறைவது இயல்பு. அப்புறம், சீப்பில் கொத்தாக முடி வரும், அதற்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பத்தியும் வேண்டும். குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அது வெறும் அசதி இல்லை. 14416 மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலும் பேசலாம், எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. தனியாக இருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

ஜிமெயிலில் Send பக்கத்து அம்புக்குறியைத் தொட்டால் Schedule send வரும், போனில் என்றால் மூன்று புள்ளிக்குள் இருக்கும். பதினோராவது வாரத்தில் ஒரு பகல் நேரம் குறியுங்கள். பயணம் தள்ளிப்போனால் Scheduled பகுதியில் Cancel send கொடுத்துவிட்டுப் புதுத் தேதி குறித்துக்கொள்ளலாம். கணவருக்கும் ஒரு பிரதி போகட்டும். மனசு சோர்ந்து கிடக்கும் நாளில் நீங்கள் மெயிலைத் திறக்காமலே விட்டுவிடலாம். பால் பத்தியை மாமியாருக்கு வாசித்துக் காட்டும் வேலையும் அவருடையதுதான், டப்பா வாங்குவதற்கு முன்னால்.