கௌதமைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: என் போனில் கௌதம் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். தேடினால் ஒருவர் மட்டும்தான் வருகிறார். பட்டியலிலும் ஒருவர் கேசவனுக்கு மேலே, மற்றவர் கோவிந்தனுக்குக் கீழே. மரகதத்துக்கு முன்னால் மனோகர் வேறு வந்து நிற்கிறார். என்ன கோளாறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது தட்டச்சில் வந்தது. உங்கள் இரண்டு கௌதம்களில் ஒருவர் பெயர் க, ஔகாரக் குறி என்று சரியாக இருக்கிறது. மற்றவருக்கு 'கெ' அடித்து, பக்கத்தில் ள என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் குறியெண்கள் வேறு:

```
கௌ  U+0B95 U+0BCC
கெள  U+0B95 U+0BC6 U+0BB3
```

ஆகவே இரண்டாமவர் கெகர வரிசையில், கேசவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பெயரைத் திருத்தும் பெட்டியில் திறந்து, கர்சரை 'கெ'வுக்கும் 'ள'வுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நின்றால் அது தவறான பெயர். சரியான கௌ ஒரே எழுத்து, கர்சர் உள்ளே நுழையாது.

இதைவிட அதிகம் கண்ணில் படுவது 'குமாா்'. ரகர ஒற்றுக்குப் பதில் கால் குறியைப் போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்திருப்பார்கள். இங்கே சோதனை தலைகீழ்: சரியான 'குமார்' என்றால் மா, ர் இரண்டுக்கும் நடுவே கர்சர் நிற்கும், தவறானதில் ஒரே தாவலாகத் தாவிவிடும். விசைப்பலகை இந்தப் பிழையைக் கற்றுக்கொண்டு பரிந்துரையாக நீட்டிக்கொண்டே இருக்கலாம். அதையும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்தியது மறுபடி நுழையும்.

பெயர்கள் நிறைய இருந்தால் தொடர்புகளை ஏற்றுமதி செய்து, நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, உரைத் திருத்தியில் மாற்றலாம். 'ா்' வரும் இடங்களை எல்லாம் 'ர்' ஆக்குவதில் பயமில்லை, கால் குறிக்கு மேல் புள்ளி வரத் தமிழில் இடமே இல்லை. ஆனால் எகரக் குறியையும் ளகரத்தையும் மொத்தமாக ஔகாரக் குறியாக்க வேண்டாம். வெள்ளைச்சாமியும் தெள்ளமுதும் சிதைந்துவிடுவார்கள். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

சரி, மனோகர் விஷயம். அங்கே உங்கள் தட்டச்சில் தவறில்லை. யூனிகோட் அட்டவணையில் ன (U+0BA9) நகரத்தை அடுத்தே இருக்கிறது, ர (U+0BB0) அதற்குப் பின்னால் வருகிறது. நம் நெடுங்கணக்கிலோ ன கடைசி எழுத்து. செயலி தமிழ் அகரவரிசை விதியைப் பயன்படுத்தாமல் குறியெண்ணை மட்டும் ஒப்பிட்டால் மனோகர் முந்துவார். அப்படிப்பட்ட செயலியில் ஜெயாவும் ஹகரத்தின் பக்கம் போகாமல் சகரத்துக்கு அடுத்தே நிற்பார். பெயரைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. அதே தொடர்புகளை வேறொரு தொடர்புச் செயலியில் திறந்து பாருங்கள், அங்கே மரகதம் முந்தினால் அந்தச் செயலியையே வைத்துக்கொள்ளுங்கள்.