ஏழு பாயிண்ட் கையுடன் மூன்று ஸ்பேட் சொல்லலாமா?

"குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் நாங்கள் நால்வர் பிரிட்ஜ் ஆட உட்காருவோம். நேற்று என் ஜோடி ஒரு ஸ்பேட் கேட்டார். என்னிடம் ஸ்பேடில் கிங், 8, 6, 4. ஹார்ட்டில் ஒற்றை 7. டைமண்டில் ஏஸ், 9, 6, 5, 2. கிளப்பில் 8, 5, 3. ஏழு பாயிண்ட்தானே என்று இரண்டு ஸ்பேடோடு நிறுத்தினேன். பத்துப் பிடி வந்தது. கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டுமா?"

ஆம், மூன்று ஸ்பேட் சொல்லியிருக்கலாம். துருப்பு பொருந்திவிட்ட பிறகு பாயிண்டை விட, கையில் எத்தனை இழப்பு என்று எண்ணுவதே நல்ல வழி.

ஒவ்வொரு ஜாதியிலும் முதல் மூன்று சீட்டை மட்டும் பாருங்கள். ஏஸ், கிங், குயின் ஆகியவற்றில் எது இல்லையோ அது ஓர் இழப்பு. இரண்டே சீட்டு இருந்தால் ஏஸ், கிங் மட்டும் கணக்கு. ஒற்றைச் சீட்டு என்றால் ஏஸ் மட்டும். சீட்டே இல்லையென்றால் இழப்பும் இல்லை. உங்கள் கையில் ஸ்பேடில் 2, ஹார்ட்டில் 1, டைமண்டில் 2, கிளப்பில் 3. மொத்தம் 8.

ஒரு கையில் அதிகபட்சம் 12 இழப்பு, இரு கைகளுக்கும் 24. இருவரின் இழப்பையும் கூட்டி 24-இலிருந்து கழித்தால், எதிர்பார்க்கக்கூடிய பிடிகள் கிடைக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் சாதாரணக் கையில் 7 இழப்பு இருக்கும். உங்கள் 8-ஐச் சேர்த்தால் 15. மிச்சம் 9 பிடி. ஆறு பிடிக்கு மேல் மூன்று, அதாவது மூன்று ஸ்பேட். உங்கள் ஏற்பாட்டில் மூன்று ஸ்பேட் என்பது நான்குக்கு வரச் சொல்லும் அழைப்பாக இருந்தால், 6 இழப்பு உள்ள ஜோடி நான்கு ஸ்பேடுக்குப் போவார். ஸ்பேடில் ஏஸ், குயின், 9, 7, 3; ஹார்ட்டில் ஏஸ், 8, 4; டைமண்டில் 7, 4; கிளப்பில் கிங், குயின், 2 என்று அவரிடம் இருந்தால் இழப்பு ஆறுதான். டைமண்டில் ஒன்றும் கிளப்பில் அதிகம் போனால் இரண்டும் விட்டுக்கொடுப்பீர்கள். அவருடைய சிறிய ஹார்ட்டுகளை உங்கள் துருப்பால் வெட்டிவிடலாம்.

இதோடு ஒப்பிட இன்னொரு கை: ஸ்பேடில் குயின், 7, 4, ஹார்ட்டில் கிங், ஜாக், 5, டைமண்டில் குயின், 8, 3, 2, கிளப்பில் ஜாக், 6, 4. ஒன்பது பாயிண்ட், ஆனால் இழப்பும் ஒன்பது. இங்கே இரண்டு ஸ்பேடுதான் சரி. உங்கள் கைக்கு உயிர் கொடுப்பது ஒற்றை ஹார்ட்டும் நான்கு துருப்பும்.

இருவருக்கும் சேர்த்து எட்டுத் துருப்பாவது இல்லாமல் இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். துருப்பில்லா ஆட்டத்துக்கும் இது ஆகாது. ஏஸையும் குயினையும் ஒரே தட்டில் வைப்பது இதன் குறை. துணையில்லாத தனிக் குயின் நிறைந்த கையென்றால் அரை இழப்பு கூட்டிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய அபாயம், ஜோடியின் பலம் உங்கள் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே விழுவது. அவரிடம் ஹார்ட்டில் கிங், குயின், ஜாக் இருந்தால், உங்கள் ஒற்றை 7 ஏற்கெனவே தடுத்துவிட்ட இழப்பையே அவையும் தடுக்கின்றன. கணக்கு ஒரே லாபத்தை இருமுறை எழுதிவிடும். இதை உங்கள் சீட்டிலிருந்து காண முடியாது. அழைப்புக்குப் பதில் சொல்லும் ஜோடிதான் தம் பலம் எந்த ஜாதியில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.