அறுந்த வால், முளைத்த வால்: நீலகிரிப் பல்லிகள் பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரி, இல்லத்தரசி: கதவிடுக்கில் மாட்டி பல்லியோட வால் அறுந்து விழுந்துடுச்சு அக்கா. ரத்தமே வரல. வால் மட்டும் ரொம்ப நேரம் துடிச்சுது. பல்லி பிழைக்குமா?

பிழைக்கும்மா. வால் மட்டும்தான் போனது என்றால் பயப்பட வேண்டாம். ரத்தம் வராததற்குக் காரணம் இருக்கிறது. வாலுக்குள் ஓடும் தமனியில் அங்கங்கே வளையம் போலச் சுருங்கும் தசைகள் உண்டு. உடைந்த மறுகணம் வெட்டுவாய்க்கு முன்னால் இருக்கும் வளையம் இறுகிக்கொள்ளும், சிரையில் இருக்கும் தடுக்கிதழ்கள் ரத்தம் திரும்பி வழியாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு சொட்டு கசிந்தால் பெரிது.

துடிப்பு வேறு கதை. விழுந்த துண்டுக்குள் தண்டுவடத்தின் ஒரு பகுதியும் சேர்ந்தே போகிறது. மூளையின் கட்டளை வராவிட்டாலும் அந்தத் தண்டுவடம் தானாகவே தசைகளை இடமும் வலமுமாக இயக்கும். இது வெறும் நடுக்கம் இல்லை என்பதை 2009ல் ஹையம், ரசல் என்ற இரு ஆய்வாளர்கள் சிறுத்தைப் புள்ளிப் பல்லியை வைத்துக் காட்டினார்கள். சீராக ஆடிக்கொண்டிருக்கும் வால், நடுநடுவே திடீரென்று எம்பிக் குதிக்கிறது, 3 செ.மீ. உயரம் வரைக்கும். அடுத்த குதி எந்தப் பக்கம் என்று பூனையால் கணிக்க முடியாது. பல்லிக்கு வேண்டியது அந்தக் குழப்பத்தில் கிடைக்கும் நேரம்தான்.

குன்னூர், உயிரியல் ஆசிரியர்: வால் எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டு தளர்வாக இருப்பதால்தான் அங்கே கழன்றுவிடுகிறது. மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?

முன்கூட்டியே தயாரான இடத்தில்தான் உடைகிறது என்பது சரி சார். ஆனால் வீட்டுப் பல்லியிலும் அரணையிலும் அந்த இடம் மூட்டு இல்லை. ஒவ்வொரு முள்ளெலும்பின் நடுவிலும் குறுக்காக ஒரு மெல்லிய பிளவுத்தளம் இருக்கிறது. எலும்பே இரண்டாகப் பிரிகிறது.

தசை அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். வால் தசை கண்டம் கண்டமாக இருக்கிறது. ஒரு கண்டம் ஒரு முள்ளெலும்பின் நடுவில் தொடங்கி அடுத்ததன் நடுவில் முடிகிறது. ஆகவே எலும்பின் நடுவில் பிளந்தால் தசை எதுவும் அறுபடாது, இரண்டு கண்டங்கள் ஒன்றையொன்று விட்டுவிடும், அவ்வளவுதான். கைவிரல்களைக் கோத்துப் பிடித்துவிட்டுப் பிரிப்பது போல. அறுந்த துண்டின் வாயை உற்றுப் பார்த்தால் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் தசை முனைகள் தெரியும். கத்தியால் வெட்டினால் அப்படி வராது. மாணவர்களுக்குக் காட்ட அது ஒன்றே போதும்.

இன்னொன்று, இது பல்லி செய்கிற செயல். செத்த பல்லியின் வாலைப் பிய்க்க நல்ல பலம் வேண்டும். உயிருள்ளது மிரண்டால், தசையை ஒரு பக்கமாக இறுக்கி வளைத்தே முறித்துக்கொள்கிறது. வளைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2022ல் அபுதாபி ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். தசை முனைகளின் பரப்பில் காளான் வடிவத்தில் மிக நுண்ணிய தூண்கள் நிறைந்திருக்கின்றன. நேராக இழுத்தால் அவை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சற்றே வளைந்தால் ஓரத்திலிருந்து வரிசையாக உரிந்துவிடும். ஓடும்போதும் ஏறும்போதும் வால் கழன்று விழாமல் இருப்பதும், வேண்டும்போது நொடியில் விழுவதும் ஒரே அமைப்பால்தான்.

வாலின் அடியில், உடம்பை ஒட்டிய சில எலும்புகளில் மட்டும் இந்தப் பிளவுத்தளம் கிடையாது. ஆணின் இனப்பெருக்க உறுப்புகள் அங்கேதான் மடங்கி இருக்கின்றன.

ஊட்டி, தோட்டக்காரர்: எங்க வேலியில இருக்கிற ஓணானுக்கு வால் நுனி போய் மொட்டையா இருக்கு. ஒரு வருசமா பாக்குறேன், வளரவே இல்ல. இந்தக் குளிர்தான் காரணமா?

குளிர் இல்லை அண்ணா, குடும்பமே வேறு. ஊட்டி வேலிகளிலும் புதர்களிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சேலியா ஹார்ஸ்ஃபீல்டி என்ற மலை ஓணான். முதுகில் முள் வரிசை, பச்சையும் பழுப்புமாக இருக்கும். பழனி மலைப் பக்கம் போனால் அதன் உறவான சேலியா அனமலயானா. சமவெளியில் திரியும் ஓணானும் இதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு எலும்பின் நடுவே பிளவுத்தளம் கிடையாது. வால் பிய்ந்தோ கடிபட்டோ போனால், அது காயம். ஆறிவிடும், பழையபடி முளைக்காது. குன்னூர் சார் சொன்ன மூட்டு உடைப்பு இந்தக் குடும்பத்தில்தான் சில இனங்களில் காணப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் சொன்னது எங்கேயுமே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. புதரில் கிளைக்குக் கிளை தாவும் பிராணிக்கு நீண்ட வால் சமன் பிடிக்க வேண்டும். கழற்றிவிடக்கூடிய பொருளாக அது அதை வைத்துக்கொள்ளவில்லை.

குளிர் செய்வது வேறு. வளரும் வாலுள்ள பல்லியில் அந்த வளர்ச்சியை மெதுவாக்கும்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: அப்போ வீட்டுப் பல்லிக்கு வால் எப்படித்தான் வளருது அக்கா? எத்தனை நாள் ஆகும்? பழைய வால் மாதிரியே இருக்குமா?

அந்தக் கதவிடுக்குப் பல்லியையே எடுத்துக்கொள்வோம் தம்பி. முதல் சில நாளில் வெட்டுவாயில் ஒரு பொருக்கு கட்டும். அதற்கு அடியில் ஓரத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்து வாயை மூடும். கதகதப்பான இடத்தில் இதற்குச் சுமார் 1 வாரம். நமக்கு இந்தக் கட்டத்தில் தழும்பு விழுந்து கதை முடிந்துவிடும். பல்லியில் தழும்பு விழாது. மூடிய தோல் தடித்து, அதன் கீழே பிரிந்து பெருகக்கூடிய செல்கள் குவிகின்றன. பொருக்கு உதிர்ந்ததும் வெளியே தெரிவது வழவழப்பான ஒரு கருமொட்டு.

உள்ளே நடப்பதுதான் முக்கியம். தண்டுவடத்தின் நடுவே ஓடும் நுண்ணிய குழாயின் உட்சுவர் செல்கள் வெட்டுவாயைத் தாண்டி மொட்டுக்குள் வளர்கின்றன. இந்தக் குழாய் வராமல் வால் வராது. ஆய்வகத்தில் அடிக்கட்டையின் தண்டுவடத்தை அழித்துப் பார்த்தால் காயம் ஆறுகிறதே தவிர வால் நீள்வதில்லை. குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு ஒரே நீளக் குழலாக உருவாகிறது. அதைச் சுற்றித் தசை, கடைசியில் செதில். சமவெளி வெப்பத்தில் எல்லாம் முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கோத்தகிரியின் மார்கழியில் அதைவிட நிச்சயம் தாமதமாகும், அடுப்பங்கரைச் சுவரில் இருக்கும் பல்லிக்குச் சீக்கிரமாகும்.

பழைய வால் மாதிரி இருக்காது. முள்ளெலும்பு திரும்ப வராது, குழல் மட்டும்தான். அதில் பிளவுத்தளமும் இல்லை. தசைகளுக்குப் போகும் நரம்புகள்கூடப் புதிதாக அங்கே பிறப்பதில்லை, அடிக்கட்டையில் மிஞ்சிய கடைசி நரம்புகளே நீண்டு வருகின்றன. அதனால் அடுத்த முறை வாலைக் கழற்ற வேண்டி வந்தால், புது வாலில் கழற்ற முடியாது. அதற்கும் முன்னால், மிச்சமிருக்கும் பழைய எலும்பில்தான் உடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய வால் குறைந்துகொண்டே வரும்.

வெளியிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். வீட்டுப் பல்லியின் அசல் வாலில் வளையம் வளையமாகச் சிறு முட்கள் நிற்கும். முளைத்த வாலில் அவை இருக்காது, சிறு செதில்கள் ஒரே சீராக ஓடும். சேரும் இடத்தில் நிறம் சட்டென்று மாறும்.

குன்னூர், உயிரியல் ஆசிரியர்: கருவில் முள்ளெலும்பு செய்யத் தெரிந்த உடம்புக்கு இப்போது ஏன் தெரியவில்லை? எனக்கு இது திருப்தியாக இல்லை.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் சார். கருவில் தண்டுவடத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெவ்வேறு சமிக்ஞைகளை அனுப்புகின்றன. கீழ்ப்பக்கத்தின் சமிக்ஞைதான் குருத்தெலும்பைத் தூண்டுவது. முளைக்கும் வாலின் குழாயோ சுற்றிலும் கீழ்ப்பக்கமாகவே நடந்துகொள்கிறது. அதனால்தான் குருத்தெலும்பு எல்லாப் பக்கமும் சூழ்ந்து குழலாகிவிடுகிறது. 2021ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, அந்தச் சமிக்ஞைக்குச் செவி சாய்க்காதபடி மரபணு திருத்திய கரு நரம்புத் தண்டுச் செல்களைப் பல்லியின் அடிக்கட்டையில் வைத்தது. முளைத்த வாலில் மேல், கீழ் என்ற வேறுபாடு திரும்பியது. ஆனால் கண்டம் கண்டமான எலும்பும் பிளவுத்தளமும் ஏன் திரும்புவதில்லை என்பது இன்னும் தீராத கேள்வி. உங்கள் அதிருப்தி நியாயமானதுதான்.

கூடலூர், கடைக்காரர்: எங்க கடையில ரெட்டை வால் பல்லி இருக்கு. அதிர்ஷ்டம்னு சொல்றாங்க. பிறவியிலேயே அப்படியா?

பெரும்பாலும் இல்லை. வால் பாதி உடைந்து, முழுக்க விழாமல் தொங்கிக்கொண்டே ஆறிவிட்டால், உடைந்த வாயிலிருந்து இன்னொன்று முளைக்கும். இரண்டில் ஒன்றில் முள் வளையம் இருந்து மற்றதில் இல்லையென்றால், உங்கள் பல்லிக்கு நடந்தது இதுவே. இரண்டும் வழவழப்பு என்றால், முளைத்த வாலிலோ அடிக்கட்டையிலோ மறுபடி காயம் பட்டிருக்கும்.

கொடைக்கானல், மலையேற்ற வழிகாட்டி: சோலை ஓரம் கல்லைப் புரட்டினப்ப சின்ன அரணை வாலை விட்டுட்டு ஓடிச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து அந்த வாலையே தின்னுச்சு! அரணை கடிச்சா மரணம்னு வேற சொல்றாங்களே?

அரணைக்கு விஷமே இல்லை, அதை இத்தோடு விடுவோம். நீங்கள் பார்த்ததுதான் பேச வேண்டிய விஷயம். அரணை தன் வாலைத் தின்பது பல இனங்களில் பதிவான பழக்கம். வாலில் கொழுப்பு சேர்த்து வைத்திருக்கிறது. அதை இழந்த பெண் அரணை அந்தப் பருவத்தில் முட்டைக்குச் செலவிட வேண்டியதை வாலுக்குச் செலவிட நேரும். பூனையோ பறவையோ எடுத்துப் போகாமல் கிடந்தால், திரும்பி வந்து மீட்டுக்கொள்கிறது.

பழனி மலைச் சோலைகளின் சிறு அரணைகள் சில, உலகில் வேறெங்கும் இல்லாதவை. கூட்டத்தோடு போகும்போது ஆளாளுக்குக் கல்லைப் புரட்ட விடாதீர்கள். புரட்டினால் அரணையை முதலில் நகர விட்டு, கல்லை இருந்த இடத்திலேயே வையுங்கள். விழுந்த வாலைப் படத்துக்காக எடுத்துச் செல்ல வேண்டாம், அது அதன் சாப்பாடு.

கோத்தகிரி, இல்லத்தரசி: அந்தப் பல்லி இன்னும் ஜன்னல்கிட்டதான் இருக்கு. வால்ல கொஞ்சம் மஞ்சள் வைக்கட்டுமா?

வேண்டாம்மா. எதை வைத்தாலும் பிடிக்க வேண்டியிருக்கும், பிடித்தால் மிரண்டு மீதி வாலையும் விடும். அடிக்கட்டை உலர்ந்து இருந்தால் போதும். வீங்கிச் சீழ் கட்டினாலோ, கருமை உடம்பை நோக்கி ஏறினாலோ மட்டும் தொற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கடியில் பூச்சி பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், அந்தக் கதவை மூடும் முன் கீல் பக்கம் ஒரு தட்டு தட்டிவிட்டு மூடுங்கள்.