ஒப்பிடுக, மதிப்பிடுக, ஆராய்க: புவியியல் ரீச்சரிடம் கேட்டவை

உயர்தர மாணவி, உவர்மலை: ஒப்பிடுக என்ற கேள்விக்குத் திருகோணமலைத் துறைமுகம் பற்றி ஒரு பக்கம், கொழும்பு பற்றி ஒரு பக்கம் எழுதினேன். தகவல் எல்லாம் சரி. பாதிப் புள்ளிதான் வந்தது. ஏன் ரீச்சர்?

இரண்டு விவரணைகளைப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டீர், பிள்ளை. ஒப்பிடுகிற வேலை திருத்துகிறவர் தலையில் விழுந்துவிட்டது. எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யும். அலைப் பாதுகாப்பு, ஆழம், பின்னிலம், இந்த மூன்றும் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு துறைமுகமும் ஒன்றாக வரவேண்டும். இப்படி: "திருகோணமலையில் நிலம் சூழ்ந்த குடாவே அலையைத் தணிக்கிறது, கொழும்பிலோ திறந்த கடலை மறிக்க 1875இல் அடிக்கல் நாட்டி அலைதடுப்பு அணை கட்ட வேண்டியிருந்தது." ஒற்றுமையையும் விடக்கூடாது. இரண்டும் இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கீழ்தான் வருகின்றன.

எழுதி முடித்ததும் ஊர்ப் பெயர்களுக்குக் கோடு இழுத்துப் பாரும். ஒரு பத்தி முழுக்க ஒரே ஊர் என்றால் அங்கே ஒப்பீடு இல்லை.

ஒரு தந்தை, கிண்ணியா: மதிப்பிடுக என்றால் நன்மை நாலு, தீமை நாலு எழுதச் சொல்லி மகனுக்குப் பழக்குகிறேன். சரிதானே?

பாதி தூரம் சரி. அதற்குப் பிறகு எது கனமானது என்று சொல்லவேண்டும், ஏன் என்றும் சொல்லவேண்டும். நம்முடைய துறைமுகம் ஆழமானது, பாதுகாப்பானது. ஆனால் கொள்கலன் வியாபாரம் கொழும்பில்தான். முனையங்கள் அங்கே இருக்கின்றன, சனமும் தொழிற்சாலைகளும் மேற்கில் செறிந்திருக்கின்றன. ஆகவே, "கொள்கலன் வியாபாரத்துக்கு ஆழம் மட்டும் போதவில்லை, பின்னிலம்தான் தீர்மானிக்கிறது" என்று மகன் எழுதினால் அது மதிப்பீடு. "நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று முடித்தால் பட்டியலோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம். வேறு முடிவுக்கு வந்தாலும் பரவாயில்லை, எழுதிய காரணங்கள் அதைத் தாங்கவேண்டும்.

தனியார் பரீட்சார்த்தி, மூதூர்: ஆராய்க என்று வந்தால் புள்ளிவிவரம் வேணுமே. எனக்கு இலக்கம் மனதில் நிற்காது. அந்தக் கேள்வியை விட்டுவிடவா?

விடவேண்டாம் தம்பி. அங்கே கேட்பது இலக்கம் அல்ல. ஒரு விடயத்தைப் பல பக்கத்தாலும் பார்த்து, ஒன்று மற்றதை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டச் சொல்கிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் சிறு வள்ளங்கள் இறங்காது, பிடி குறையும், சந்தையில் மீன் விலை ஏறும். இந்தத் தொடர்பு தெரிந்தால் எழுதலாம்.

ரியூசன் ஆசிரியர், நிலாவெளி: விவரிக்க, விளக்குக இரண்டுக்கும் ஒரே விடைக்குப் புள்ளி கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஏன் பிரித்துப் படிப்பிக்க வேண்டும்?

சிறிய பகுதி வினாக்களில் அப்படி நடக்கும், சேர். புள்ளித்திட்டம் எதை ஏற்கிறதோ அதுதான் கணக்கு. ஆனால் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் அந்தத் திட்டத்தைப் பார்க்க முடியாது. விளக்குக என்று வந்தால் ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் ஒரு "ஏனெனில்" எழுதப் பழக்கினால் நட்டமில்லை. விமர்சிக்க, மதிப்பிடுக இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில் எங்கள் ஆசிரியர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.