மூன்று எதிர்பார்த்தேன், ஆறு வந்தது: வினாநிரலும் காரணிப் பகுப்பாய்வும்

கேள்வி: தேர்வு பயத்தை அளக்க 20 கூற்றுகள் எழுதி 150 மாணவர்களிடம் கொடுத்தேன். கவலை, உடல் அறிகுறி, கவனச்சிதறல் என்று மூன்று பகுதி நினைத்துத்தான் எழுதினேன். எஸ்பிஎஸ்எஸ் ஆறு காரணி காட்டுகிறது. முதல் ஆறு ஐகன் மதிப்புகள்: 5.9, 2.2, 1.9, 1.2, 1.1, 1.02. புள்ளிவிவரம் செய்து கொடுப்பவர் ஒருவர், "சில கேள்விகளை எடுத்துவிட்டால் மூன்றாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? எனக்குக் கணக்கு வராது. தரவுக் கோப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று வரும்வரை கூற்றுகளை ஒவ்வொன்றாக நீக்குவார். கடைசியில் பத்தோ பதினொன்றோ மிஞ்சும், அட்டவணை அழகாக இருக்கும். எதை எதற்காக நீக்கினார் என்று எங்கும் எழுதியிருக்காது. வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவரல்ல.

முதலில் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு கூற்றுக்கு அதிக மதிப்பெண் இட்ட மாணவர்கள் இன்னொரு கூற்றுக்கும் அதிகமாக இடுகிறார்களா என்பதைத்தான் இந்த முறை பார்க்கிறது. சேர்ந்து ஏறி இறங்கும் கூற்றுகளை ஒரு கூட்டமாகப் பிடித்து, அதற்குக் காரணி என்று பெயர் வைக்கிறது. ஐகன் மதிப்பு அந்தக் கூட்டத்தின் பருமன். 20 கூற்று என்றால் எல்லா ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகையும் 20. ஆகவே 1 என்பது ஒரே ஒரு கூற்றின் பங்கு. 1-ஐத் தாண்டியதையெல்லாம் காரணியாக எடுத்துக்கொள் என்ற விதியைப் பரவலாக்கியவர் கைசர், 1960-இல். எஸ்பிஎஸ்எஸ் யாரையும் கேட்காமல் இதைத்தான் பிரயோகிக்கிறது.

சிக்கல் இங்கேதான். 150 பேர் கேள்வியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருந்தாலும், தற்செயலாகச் சில கூற்றுகள் ஒத்துப்போகும். 20 கூற்று, 150 பேர் என்ற அளவில், அப்படிப்பட்ட அர்த்தமில்லாத தரவிலேயே முதல் ஐகன் மதிப்பு ஏறத்தாழ 1.7 வரும். அடுத்தவை 1.6, 1.5, 1.4 என்று இறங்கும். அப்படியிருக்க, உங்கள் 1.2-ஐயும் 1.02-ஐயும் கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது? 1965-இல் ஹார்ன் சொன்ன வழி இந்த ஒப்பீடுதான்: உங்கள் மதிப்பு, அதே வரிசையில் உள்ள குருட்டு மதிப்பைத் தாண்டினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இணைப் பகுப்பாய்வு என்று பெயர். கணக்கு எதுவும் நீங்கள் போட வேண்டாம், ஆர் மென்பொருளில் psych தொகுப்பை நிறுவிக்கொண்டால் இரண்டே வரி:

```
library(psych)
fa.parallel(d, fa = "pc")
```

இங்கே `d` என்பது அந்த 20 கூற்றுகள் மட்டும் உள்ள அட்டவணை. வயது, பாலினம், வரிசை எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. உங்கள் 5.9, 2.2, 1.9 மூன்றும் தாண்டுகின்றன. நான்காவது தாண்டவில்லை. ஆக, மூன்று.

சந்தோஷப்பட வேண்டாம், இது நீங்கள் நினைத்த மூன்று இல்லை. உங்கள் கோப்பை மூன்று காரணி என்று வைத்து ஓட்டினேன். முதல் காரணியில் கவலையும் கவனச்சிதறலும் கலந்து நிற்கின்றன. இரண்டாவதில் கை நடுக்கம், வியர்வை, வயிற்றுக் கலக்கம். மூன்றாவதில் "தேர்வு அறையில் நிதானமாக இருக்கிறேன்", "கேள்வியை ஒருமுறை படித்தாலே மனதில் பதிகிறது" போன்ற ஐந்து கூற்றுகள். இவை மூன்று பகுதிகளிலிருந்தும் வந்தவை. பொருளில் ஒற்றுமை கிடையாது. பயம் இல்லை என்று சொல்லும் விதமாக எழுதப்பட்டவை என்பது ஒன்றே இவற்றுக்குள் பொது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு இந்தக் கூட்டத்துக்குத் "தன்னம்பிக்கைக் காரணி" என்று பெயர் சூட்டுவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. "மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்திருப்பீர்கள், போட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. ஒரு கூற்று காரணியோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் எண்ணுக்குச் சுமை என்று பெயர்; 1-ஐ 5 ஆக்கினால் அதன் கூட்டல் குறி கழித்தல் குறியாகும், அவ்வளவுதான். கூட்டம் அப்படியே இருக்கும். (நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்பாவைக் கணக்கிடத் திருப்பித்தான் ஆக வேண்டும், அது வேறு விஷயம்.) உண்மைக் காரணம் பெரும்பாலும் கவனமில்லாமல் பதில் சொன்னவர்கள். பத்தில் ஒருவர் திசையைக் கவனிக்காமல் டிக் அடித்தாலே இப்படி ஒரு போலிக் காரணி தோன்றும் என்று ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் இருவரும் 1985-இலேயே செயற்கைத் தரவை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. "கை நடுங்குகிறது", "உடல் தளர்வாக இருக்கிறது" இரண்டுக்கும் 5 போட்டவர் யார்? மதிப்பெண்ணைத் திருப்புவதற்கு முந்தைய கோப்பில் பாருங்கள். உங்கள் தரவில் 13 பேர் 20 கூற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அவர்களை விலக்கி 137 பேரை வைத்து ஓட்டினால் மூன்றாவது மதிப்பு 1.4-க்கு இறங்குகிறது, குருட்டு மதிப்புக்குக் கீழே. அப்புறம் மிஞ்சுவது இரண்டு. விலக்கிய விதியையும் எண்ணிக்கையையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். விலக்கிய பிறகும் அந்தக் கூட்டம் கலையாமல் நின்றிருந்தால்தான் அது நிஜமோ என்று யோசிக்க வேண்டும்.

இரண்டு என்பது அதிர்ச்சியும் இல்லை. தேர்வு பயத்தை மனக்கவலை, உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று லீபர்ட், மோரிஸ் 1967-இலேயே இரண்டாகப் பிரித்தார்கள். உடல் அறிகுறிகள் இரண்டாவதில் அடங்கும். கவலைப்படுகிறவருக்குக் கவனம் சிதறும், இரண்டும் சேர்ந்து ஏறுவதில் என்ன வியப்பு?

இறுதி ஓட்டம் இப்படி இருக்கட்டும். எஸ்பிஎஸ்எஸ்-இல் `Principal axis factoring`, `Fixed number of factors` என்பதில் 2, சுழற்சிக்கு `Direct Oblimin`. எல்லோரும் வேரிமேக்ஸ்தான் போடுகிறார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். அது இரண்டு காரணிகளுக்கும் தொடர்பே இல்லை என்று கட்டாயப்படுத்தும் முறை. கவலைக்கும் வயிற்றுக் கலக்கத்துக்கும் தொடர்பில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? அட்டவணைகளில் `Pattern Matrix`-ஐப் படியுங்கள். ஒரு கூற்றின் சுமை ஒரு காரணியில் 0.4-க்கு மேலும் மற்றதில் தெளிவாகக் குறைவாகவும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவில் ஏறுகிற கூற்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் கேட்டிருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வும் வேண்டும் என்று குழு கேட்கும். அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியாக வேண்டுமே! அந்த இடைத்தரகர் இதே 137 பேரை வைத்து அதையும் செய்து தருவார், நன்றாகவே பொருந்தும். எந்தத் தரவிலிருந்து கண்டுபிடித்தோமோ அதிலேயே சரிபார்த்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? புதிதாக 200 பேரையாவது சேர்க்க முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் "மூன்று எதிர்பார்த்தேன், இரண்டு கிடைத்தது, வேறு மாதிரியில் சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதி, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள்.