இரவில் போடும் அமிட்ரிப்டிலின்: வாய் வறட்சியும் கூடுதல் மாத்திரையும்

"சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு 10 மி.கி. அமிட்ரிப்டிலின் ஒரு வாரமாகப் படுக்கும்போது போடுகிறேன். தூக்கம் வருகிறது, எரிச்சல் குறையவில்லை, வாய் காய்கிறது. இரண்டாகப் போடலாமா?"

நீங்களாக இரண்டாக்க வேண்டாம். தூக்கம் முதல் இரவிலேயே வரக்கூடும். நரம்பு வலி தணிய சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஒரு வாரத்தை வைத்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்ட இயலாது. அளவைக் கூட்டுவதாயினும் மருத்துவர் அதைப் படிப்படியாகவே செய்வார்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தூண்டும் அசிட்டைல்கோலின் சமிக்ஞையை இம்மருந்து தடுப்பதே வாய் வறட்சிக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை ஏறினாலும் வாய் காயும். ஆகவே தாகமும் மிகுந்திருந்தால் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். அடிக்கடி சிறிது தண்ணீர் பருகுங்கள். மிட்டாய் சப்பினால் பல்லும் சர்க்கரையும் சேர்ந்து கெடும். காலையில் மந்தமாக இருந்தால், படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னதாகப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மந்தம் தெளியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் இருந்தாலோ, டிரமடால் என்னும் வலி மாத்திரை போன்ற வேறு மருந்து எடுத்தாலோ அதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை சிறியது என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, வலிப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். யாரேனும் அதிகமாக விழுங்கியிருந்தால், நன்றாகத் தோன்றினாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடென்றால், அட்டையைத் தலையணைக்கடியில் அல்ல, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.