சாருக்கும் வீடு இருக்கிறது

'தண்டையார்பேட்டையில் இறுதியாண்டு படிக்கிறேன். பிளேஸ்மென்ட் வேலைகளை வகுப்பில் நான்தான் கவனிக்கிறேன். சீனியர் மேனேஜர் ஒருவர் நங்கநல்லூரிலிருந்து சனிக்கிழமை வந்து மாதிரி நேர்காணல் நடத்துகிறார். பணம் வாங்குவதில்லை, சாப்பாடுகூட வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்துவிடுவார். போன வாரம் 9 மணியிலிருந்து ஆளுக்கு 20 நிமிடம் என 14 பேருக்கு நேரம் போட்டேன். 9 பேர்தான் வந்தார்கள். இப்போது 'பார்க்கலாம்' என்கிறார். அவரை எப்படித் திரும்ப அழைப்பது?'

தம்பி, அந்த டப்பாவை அவர் எத்தனை மணிக்குத் திறந்தார்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். நீ போட்ட கணக்குப்படி 4 மணி 40 நிமிடம் அவர் எழுந்திருக்கவே முடியாது. அதில் வராத 5 பேருக்காக 1 மணி 40 நிமிடம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விடுமுறை நாளில் விடிந்ததும் அந்தச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் அவர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு இருக்க வேண்டிய நேரத்தைத்தான் உங்களுக்குக் கொடுத்தார். பெற்றவர்கள் உனக்காகப் படும் பாடு தெரிந்த பிள்ளைக்கு இது உறைத்திருக்க வேண்டாமா?

20 நிமிடத்தில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' முடிந்து, ப்ராஜெக்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பதற்குள் அடுத்த பையன் கதவைத் தட்டுவான். எங்கே தடுமாறினாய் என்று சொல்லித் தர நேரமே இருக்காது. பிள்ளைகளுக்குப் பயன்படுவதே அந்தப் பகுதிதான். ஆளுக்கு 45 நிமிடம் வை: கேள்விக்கு 30, குறை சொல்ல 10, அவர் குறித்துக்கொள்ள 5. காலை ஒன்பதரையிலிருந்து 4 பேர், நடுவில் கால் மணி ஓய்வு. 12.45-க்கு விட்டுவிட்டால் மெட்ரோ பிடித்துப் போய் வீட்டிலேயே சாப்பிடுவார்.

அந்த 4 பேர் யார்? ரோல் நம்பர் வரிசையில் போடாதே. யாருக்கு உண்மையான நேர்காணல் பக்கத்தில் வருகிறதோ அவர்கள் முதலில். அவரவர் ரெஸ்யூமே, எந்த வேலைக்கு என்ற ஒரு வரியோடு, வியாழக்கிழமையே அவர் கையில் இருக்க வேண்டும். வெள்ளி மதியத்துக்குள் 'வருகிறேன்' என்று சொல்லாதவன் இடம் காத்திருப்பவனுக்கு. காத்திருப்போரில் இரண்டு பேர் கல்லூரிக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். சனிக்கிழமை காலையில் ஒருவன் கைவிட்டாலும் அரை மணியில் ஆள் வந்துவிடும். அந்த 5 பேருக்கு இனிக் கடைசியில்தான் இடம்.

அப்புறம், அவர் நம்பரை வகுப்பு குரூப்பில் போட்டிருந்தால் இன்றே அழித்துவிடு.

அவரிடம் 'எப்போது சார் வருவீர்கள்' என்று கேட்காதே. முதலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேள். பிறகு, 'மாதம் ஒரு சனிக்கிழமை, 4 பேர் மட்டும், மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறோம். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் சார்' என்று சொல். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு, இந்தப் பருவம் முடியும்வரை அவரைத் தொந்தரவு செய்யாதே.